வேலூர் அறை முன்பதிவுத் தளம்: தனியுரிமைக் கொள்கையும் பயன்பாட்டு விதிமுறைகளும்

2026 ஜூன் 1 முதல் நடைமுறையில்.

வைத்தியத்துக்காக வேலூர் வருபவர்களும் துணைக்கு வருபவர்களும் தோட்டப்பாளையம், சத்துவாச்சாரி, காட்பாடி பகுதிகளில் அறை எடுக்க உதவும் தளம் இது. இந்த உரையின் ஆங்கில மூலத்தைப் பக்கத்தின் மேலுள்ள மொழிப் பொத்தானில் படிக்கலாம். இரண்டுக்கும் பொருள் வேறுபட்டால் ஆங்கில மூலமே செல்லும்.

சொற்பொருள்

"வேண்டும்", "செய்வோம்" என்றால் கட்டாயம். "செய்யலாம்" என்றால் உரிமை உண்டு, கடமை இல்லை. "பணம் திருப்புதல்" என்பது நீங்கள் கட்டிய தொகையைத் தருவது. "இழப்பீடு" என்பது உங்களுக்கு நேர்ந்த நட்டத்துக்காகத் தருவது. "விளக்கம்" என்று தொடங்கும் வரிகள் விதியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

தனியுரிமை

1. பெயர், கைபேசி எண், தங்கும் தேதிகள், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வாங்குகிறோம். ஆதார் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதும். நோய் விவரம் கேட்பதில்லை. குறிப்புப் பெட்டியிலும் அதை எழுத வேண்டாம். விடுதிக்காரர் அந்தக் குறிப்பைப் படிப்பார்.

2. அறையை உறுதிசெய்ய இவ்விவரங்களை நீங்கள் தேர்ந்த விடுதிக்கு மட்டும் தருவோம். விளம்பரச் செய்தி அனுப்பத் தனிச் சம்மதம் கேட்போம். அந்தக் கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்காது.

3. "என் கணக்கு" பக்கத்தில் ஒரே பொத்தானில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு முன் அந்தச் சம்மதத்தின் பேரில் செய்தவை செல்லாதவை ஆகா.
விளக்கம்: திங்களன்று விடுதிக்குத் தந்த பெயரை, புதனன்று சம்மதத்தைத் திரும்பப் பெறுவதால் தராததாக ஆக்க முடியாது.

4. அடையாள நகலை, அறையைக் காலி செய்த 30 நாளில் அழிப்போம். ரசீதை அழிக்க முடியாது: ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

5. தரவு கசிந்தால் உங்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிப்போம்.

பயன்பாட்டு விதிமுறைகள்

6. 18 வயது நிரம்பியவர் மட்டுமே முன்பதிவு செய்யலாம்.

7. வருகை நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்தால் முழுப் பணமும் 7 வேலை நாளில் திருப்புவோம். அதற்குப் பிறகு ரத்து செய்தால் ஓர் இரவு வாடகை கழியும். மருத்துவர் தேதியை மாற்றியதற்கான சீட்டைக் காட்டினால் அந்தக் கழிவைத் தள்ளுபடி செய்யலாம்.
விளக்கம்: இங்கே "செய்யலாம்" என்பதே விதி. தள்ளுபடி உறுதி என்று எண்ணிப் பயணத்தை மாற்ற வேண்டாம்.

8. உறுதிசெய்த அறை கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திருப்புவோம். அதற்கு மேல் நாங்கள் தரும் இழப்பீடு அந்த முன்பதிவுத் தொகையைத் தாண்டாது. எங்கள் மோசடிக்கும், எங்கள் கவனக்குறைவால் நேரும் உடல் காயத்துக்கும் இவ்வரம்பு பொருந்தாது.

9. புகாரை "புகார்" பக்கத்தில் தமிழிலேயே எழுதலாம். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்ப்பார்.

10. வழக்குகள் வேலூர் நீதிமன்றங்களின் வரம்புக்கு உட்பட்டவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தரும் உரிமையை இது குறைக்காது.
விளக்கம்: 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்தாரும் பிற ஊராரும், தாங்கள் வசிக்கும் பகுதிக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்.