லேனாவின் வாழ்த்து அட்டையும் எங்கள் நன்றியும்

ஸ்டுட்கார்ட்,
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பத்தா, செல்வி அக்கா, முருகேசன் அண்ணன், தர்ஷினி, கவின் எல்லாருக்கும்,

வணக்கம். அனைவரும் நலமா? நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். லேனாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மூன்றாம் வகுப்பு. இந்த உறைக்குள் அவள் கைப்பட எழுதிய அட்டை இருக்கிறது. தமிழ் பேசுவாளே தவிர, எழுத்து முழுக்க ஜெர்மன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வரிக்கு வரி தமிழில் கீழே எழுதியிருக்கிறேன். அவள் எழுதியதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. கொஞ்சம் மழுப்பலாமா என்று தோன்றிய இடத்தையும் அப்படியே விட்டுவிட்டேன்.

“அன்புள்ள அப்பத்தா, பெரியம்மா, பெரியப்பா, தர்ஷினி அக்கா, கவின்,

என்னை உங்கள் வீட்டில் தூங்க விட்டதற்கு நன்றி. மொட்டை மாடியில் தூங்கியதுதான் எல்லாவற்றிலும் நல்லது. அங்கிருந்து யானைமலை தெரிந்தது. யானையின் வாலை நான் ரொம்பத் தேடினேன். கவின் சொன்னான், யானை வால் மேலேயே படுத்திருக்கிறது என்று. அது உண்மையா?

பூ கட்டச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. என் சரம் குட்டை. தர்ஷினி அக்கா சரம் நீளம். ஆனால் அப்பத்தா என் சரத்தைத்தான் தலையில் வைத்தார்கள்.

ராஜா சாமியைப் பிரம்பால் அடித்தபோது எல்லாருக்கும் முதுகில் வலித்தது என்று பெரியப்பா சொன்னார். எனக்கு வலிக்கவில்லை, ஏனென்றால் நான் அப்போது பிறக்கவில்லை. புட்டு நன்றாக இருந்தது. சாமி அதற்காக மண் சுமந்தது எனக்குப் புரிகிறது.

ரசம் காரம். பெரியம்மா எனக்கு வேறு ரசம் கொடுத்தார்கள், அது காரமில்லை.

வெள்ளைக் கோழிக்கு என் வணக்கம். சிவப்புக் கோழிக்கு இல்லை. அது என்னைக் கொத்தியது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் கட்டிலைத் தருவேன். மேல் கட்டில் கவினுக்கு.

லேனா

மறந்துவிட்டேன்: கவின் என் யானை ரப்பரை வைத்துக்கொள்ளலாம். நான் அதைத் தொலைக்கவில்லை, அவனிடம் இருப்பது எனக்குத் தெரியும்.”

அட்டையைக் கையில் வைத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள் புரியாமல் போகலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். இங்கே சின்னப் பிள்ளைகள் நீல மைப்பேனாவில் எழுதப் பழகுகிறார்கள். அந்த மையை அழிக்க ஒரு தனிப் பேனா உண்டு. அழித்த இடத்தில் மறுபடி அதே மையால் எழுதினால் எழுத்து நிற்காது, மறைந்துபோகும். அழிக்கும் பேனாவின் மறுமுனையால்தான் அங்கே எழுத வேண்டும். அங்கங்கே ஒரு சொல் மட்டும் வேறு நீலத்தில் தடிப்பாகத் தெரிவது அதனால்தான். ‘தர்ஷினி அக்கா சரம் நீளம்’ என்ற வரிக்குப் பின்னால் வெளுத்த திட்டு ஒன்று இருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் ‘இது நியாயமில்லை’ என்று படிக்க முடிகிறது. அதை அவளே அழித்துவிட்டாள் என்பதால் மேலே நான் சேர்க்கவில்லை. தர்ஷினி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வலது ஓரத்தில் நாலு கால், தும்பிக்கை, முதுகில் கோவில் கோபுரத்தோடு நிற்பது யானைமலை. நரசிங்கப் பெருமாள் கோவில் மலையடியில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். முதுகில் வைத்தால்தான் எல்லாருக்கும் தெரியும் என்றாள். அடியில் தமிழில் ‘அபபததா’ என்று இருப்பதும் அவள் எழுதியதுதான். புள்ளிகள் எல்லாம் படத்தில் நட்சத்திரமாகப் போய்விட்டன போல.

ஒரு முக்கியமான விஷயம். இந்த நீல மை தண்ணீர் பட்டால் கலைந்துவிடும், வெயிலிலும் வெளுக்கும். அப்பத்தா இதைச் சாமி படத்துப் பக்கத்தில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காலை வெயில் நேரே விழும் இடம் அது, பூவில் தெளிக்கும் தண்ணீரும் படும். ஒத்தக்கடையில் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து அதைச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை ஏதாவது பெரிய புத்தகத்துக்குள் வைத்தால் போதும். லேமினேஷன் வேண்டாம். சூட்டில் மை என்ன ஆகுமோ, அதை விடக் கலர் பென்சில் மெழுகு இளகி இழுத்துக்கொள்ளும்.

இனி பெரியவர்கள் நன்றி சொல்ல வேண்டியது. செல்வி அக்கா, பிள்ளைக்கு வேறு ரசம் என்று நீங்கள் தனியாக எதுவும் வைக்கவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிளகு சீரகம் தட்டிப் போடும் முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்தீர்கள். கலக்காமல் மேலே நின்ற தெளிவு மட்டும், அதில் நெய். ஒவ்வொரு நாளும் யாரும் கேட்காமல் அது நடந்தது. சீரகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இரவே ஆறவிட்டு, காலையில் அவள் பாட்டிலில் ஊற்றி வைத்ததும் அப்படித்தான். ஊர் மாறினால் லேனாவுக்கு முதலில் வயிறுதான் படுத்தும். இந்தத் தடவை மருந்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

முருகேசன் அண்ணன், புட்டுத் திருவிழா அன்று கூட்டம் சேரும் முன்னாலேயே எங்களைப் புட்டுத்தோப்புக்குக் கொண்டுபோய், லேனாவுக்கு எட்டிப் பார்க்க ஒரு திண்ணை பிடித்துக் கொடுத்தீர்கள். பின்னால் வந்திருந்தால் அவளுக்கு வேட்டியும் சேலையும்தான் தெரிந்திருக்கும். வந்திக் கிழவிக்கு உதிர்ந்த புட்டு, வேலை செய்யாமல் தூங்கிய கூலியாள், பாண்டியன் பிரம்படி என்று நீங்கள் சொன்ன வரிசையிலேயே அவள் வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். வைகையில் இப்போதும் வெள்ளம் வருமா என்று டீச்சர் கேட்டாராம். அதற்குப் பதில் உங்களிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அப்பத்தா, நீங்கள் கொடுத்தனுப்பிய வாழைநார்க் கட்டு பத்திரமாக இருக்கிறது. இங்கே மல்லிகை ஏது? தோட்டத்தில் கிடைக்கும் சின்னப் பூக்களை வைத்துக் கட்டுகிறாள். முதலில் தையல் நூலில் கட்டிப் பார்த்தாள், காம்பு அறுந்துகொண்டே வந்தது. நாரை நனைத்துக் கட்டியதும் நின்றுவிட்டது. நீங்கள் சொன்னது போல இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரைச் சுற்றி வளையத்துக்குள் விட்டு இழுக்கிறாள். இழுப்பு மட்டும் இன்னும் முரட்டு இழுப்பு. நார் காய்ந்தால் முறிகிறது என்பதால் ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள்.

மார்ட்டின் உங்கள் அடுப்பில் செய்த ஷ்பெட்ஸ்லையைச் சாப்பிட்டுவிட்டு, “இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் பிறந்த பிள்ளைதான் இது” என்று அப்பத்தா சொன்னதை இங்கே மாமியார் வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அக்கா அளவு கேட்டிருந்தீர்கள். கணக்கு எளிது: 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. உங்கள் வீட்டுக்கு 500 கிராம் மைதா, 5 முட்டை, ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, தண்ணீர் 200 முதல் 250 மில்லி. தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள், முட்டை பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து மாறும். மரக்கரண்டியால் அடித்துக் கலக்குங்கள், மாவில் குமிழ் வரும் வரை. கரண்டியைத் தூக்கினால் மாவு கனமாக, அறுபடாமல் மெதுவாக இறங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

அகலப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். பூந்திக் கரண்டியைப் பாத்திரத்தின் மேல் பிடித்து, மாவை ஊற்றி இன்னொரு கரண்டியால் தேய்த்தால் துளி துளியாக விழும். மேலே மிதந்து வந்ததும் அரை நிமிடம் விட்டு அரித்து எடுத்துவிடுங்கள். மாவு விழவே மாட்டேன் என்றால் இறுகிவிட்டது, இரண்டு ஸ்பூன் தண்ணீர் போதும். தண்ணீரில் கரைந்து கஞ்சியாகிறது என்றால் மாவு இளகிவிட்டது, கொஞ்சம் மைதா சேர்க்கலாம். ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதா? கொதி அடங்கியிருக்கும், அல்லது ஒரே ஈட்டில் நிறையத் தேய்த்திருப்பீர்கள். கரண்டியை ஆவிக்கு மேல் ரொம்ப நேரம் பிடித்தாலும் ஓட்டைக்குள்ளேயே மாவு வெந்து அடைத்துக்கொள்ளும்.

சூடாக இருக்கும்போதே ஒரு அடுக்கு ஷ்பெட்ஸ்லை, ஒரு அடுக்கு துருவிய சீஸ் என்று போட்டு, மேலே வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய பெரிய வெங்காயம். 250 கிராம் சீஸ் வேண்டும். அங்கே கிடைப்பதில் மொசரெல்லாதான் உருகும், கட்டியாக விற்கும் பிராசஸ்டு சீஸ் அவ்வளவாக இழுபடாது. சீஸ் பிடிக்காவிட்டால் வெங்காயமும் மிளகுத்தூளுமே போதும். ரகசியமாகச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பொட்டலத்தில் தர்ஷினிக்கு ஒரு மைப்பேனாவும் மைக்குழாய்களும் இருக்கின்றன. குழாயைப் பேனாவுக்குள் செருகி ‘டக்’ என்று கேட்கும் வரை அழுத்த வேண்டும். எழுதாவிட்டால் உதற வேண்டாம், முள்ளைக் கீழே பார்த்தபடி சில நிமிடம் நிறுத்தி வைத்தால் மை தானாக இறங்கும். கழுவப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் கூடாது. கவினுக்கு என்ன என்று கேட்பான். வெளி உறையிலேயே அவன் பெயர் இருக்கிறது, முதலில் அவனே பிரிக்கட்டும்.

அப்பத்தா நெய்யும் பால்கோவாவும் அனுப்புவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். பால் பொருளையும் இறைச்சிப் பொருளையும் ஐரோப்பாவுக்குத் தபாலில் அனுப்ப முடியாது, சுங்கத்தில் எடுத்து அழித்துவிடுவார்கள். மல்லிகைப் பதியனும் அப்படியே. அதையும் உள்ளே விடமாட்டார்கள். லேனாவுக்கு ஒரு கடிதம் போதும். தமிழில் எழுதலாம், எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வரிக்கு இடைவெளி விட்டு, எழுத்துகளைச் சேர்க்காமல் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். முகவரியை உறையின் பின்னால் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதி, கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜெர்மனி என்று போட வேண்டும். தபால் வரச் சில வாரம் பிடிக்கும். தர்ஷினிக்குக் காலாண்டுத் தேர்வு நேரம் என்பதால் அவசரமே இல்லை. யானை வால் மேல் படுத்திருப்பது உண்மையா என்ற கேள்விக்கு மட்டும் கவின் கட்டாயம் பதில் எழுத வேண்டுமாம்.

அன்புடன்,
ராதிகா, மார்ட்டின், லேனா