ஆய்வகத்தின் புதிய தலைவரை அறிமுகப்படுத்தி ஊழியர் கூட்டத்தில் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். இரவு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பின்னால் நிற்பவர்கள் முதலில் உட்காருங்கள். முன்வரிசையில் இடம் இருக்கிறது.

என் பக்கத்தில் இருப்பவர் டாக்டர் மாலதி. இன்றிலிருந்து நம் ஆய்வகத்தின் தலைவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைப் பேசிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு நான் என்ன சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

இந்தப் பதவி, இதுவரை பொறுப்புத் தலைவராக இருந்த செல்வத்துக்குத்தான் என்று நம்பியிருந்தீர்கள். 31 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து, வார்டிலிருந்து சாம்பிள் குழாய்களைக் கொண்டுவரும் தம்பியுடையது. செல்வம் 14 மாதம் இந்தத் துறையை எப்படி நடத்தினார் என்பதற்கு அந்த ஒரு கையெழுத்தே போதும். பெரிய மெஷின் நின்றுபோன ராத்திரி எனக்கு மறக்கவில்லை. எந்த சாம்பிளை இப்போதே பார்க்க வேண்டும், எது காலைவரை தாங்கும் என்று ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பேனாவால் குறித்துக்கொண்டே விடிய விடிய நின்றார்.

அவரும் விண்ணப்பித்தார். நேர்காணலில் நன்றாகவே பேசினார். அப்படியும் வெளியிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். குழுவின் முடிவு என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன், அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. காரணம் இதுதான்: அடுத்த வருடம் உயிர்வேதியியல், ரத்தப் பரிசோதனை, நுண்ணுயிரியல் மூன்றும் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஒரே கவுன்ட்டர், ஒரே கம்ப்யூட்டர் பதிவு. மாலதி இந்த வேலையை ஏற்கெனவே இரண்டு மருத்துவமனைகளில் செய்து முடித்தவர். நம்மில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை. செல்வத்திடம் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை இது. இதை எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அவரிடம் முன்கூட்டியே நேரில் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் கேன்டீனில் யாரோ பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். அது என் தவறு, மன்னித்துவிடுங்கள்.

இனி மாலதியைப் பற்றி. படிப்பு, பட்டம் எல்லாம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், வெறும் வயிற்று சாம்பிள்கள் வந்து குவியும் நேரத்தில் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, காலை 6 மணிக்கே வந்துவிட்டார். மெஷின் பக்கம் போகவே இல்லை. கவுன்ட்டரில் நின்று, ரத்தம் எடுத்த நேரம் என்ன, இங்கே வந்து சேர்ந்த நேரம் என்ன என்று ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். பிரிக்காமல் கிடக்கும் ரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாமதம் வார்டில் நடக்கிறது, திட்டு மட்டும் உங்களுக்கு வருகிறது.

அன்றைக்கும் ஒரு பொட்டாசியம் சாம்பிள் சிவந்துபோய் வந்தது. சிவப்பணு உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். நம் பெண் ஒருவர் வார்டுக்கு போன் செய்து வேறு சாம்பிள் கேட்டார். மறுமுனையில் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. போனை வைத்ததும் மாலதி அவரிடம், “இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறீர்கள்?” என்றார். பதிலைக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது என்னிடம் சொன்னது: திருப்பி அனுப்பும் சாம்பிளுக்காக வார்டு சண்டை போட வேண்டுமென்றால் இனி தலைவரிடம் போடட்டும். அந்த உத்தரவு இன்று எல்லா வார்டுக்கும் போகிறது.

மற்றவை சுருக்கமாக. மூன்று மாதத்துக்கு டியூட்டி அட்டவணை மாறாது, யாரையும் இடம் மாற்ற மாட்டோம். செல்வம் துணைத் தலைவர். இரவு ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் அதிகாரம் அவரிடமே இருக்கும். அவருக்கு வர வேண்டிய பொறுப்புப் படித்தொகை, 14 மாதத்துக்கும் சேர்த்து, இந்த மாதச் சம்பளத்தோடு வரும். இதை இவ்வளவு நாள் இழுத்தடித்திருக்கக் கூடாது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாலதி ஒரு வேலை சொன்னால் அதை எடுத்துக்கொண்டு செல்வத்திடம் போய், “அண்ணா, இது சரியா?” என்று கேட்காதீர்கள். பாசத்தில்தான் கேட்பீர்கள், தெரியும். ஆனால் அவர் எந்தப் பதில் சொன்னாலும் யாரோ ஒருவருக்கு எதிராகப் போய்விடும். அவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம். வருத்தம் இருக்கிறவர்களுக்கு இருக்கட்டும், இன்றைக்கே மறக்கச் சொல்லவில்லை. அதை என்னிடம் கொண்டுவாருங்கள். தினமும் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக் கதவு திறந்திருக்கும்.

சரி, இப்போது டாக்டர் மாலதி பேசுவார். அப்புறம் உங்கள் கேள்விகள். நான் இருந்தால் சிலர் வாய் திறக்க மாட்டீர்கள், அதனால் வெளியே போகிறேன். செல்வம் உங்களோடு இருப்பார்.