ஐம்பதாவது கல்யாண நாள் வாழ்த்து, ஆச்சி தாத்தா!

மாமா, இத சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. ஆச்சிக்கு கண்ணாடி போட்டாலும் போன்ல எழுத்து சின்னதா தெரியுதாம், தாத்தாவுக்கு வலது காது பக்கம் நின்னு வாசிக்கணும். நடுவுல நிறுத்தி நீங்களே கத சொல்ல ஆரம்பிச்சிராதீங்க, முழுசா வாசிச்சு முடிச்சிட்டு சொல்லுங்க.

1975 செப்டம்பர் 11, வியாழக்கிழமை, ஆவணி மாசம். கல்லிடைக்குறிச்சி உலகம்மாளுக்கும் அம்பாசமுத்திரம் கோமதிநாயகத்துக்கும் கல்யாணம். இன்னைக்கும் செப்டம்பர் 11, இன்னைக்கும் வியாழக்கிழமை. 75ஆம் வருஷ காலண்டரும் இந்த வருஷ காலண்டரும் ஒன்னுபோல இருக்குன்னு போன வாரம்தான் பாத்தேன், பாத்ததும் உடனே தாத்தாகிட்ட சொல்லணும்னு தோணுச்சு, ஆனா இந்த நாளுக்குன்னு மனசுக்குள்ளயே வச்சிருந்தேன். தாத்தா, அந்தப் பழைய காலண்டர் இருந்தா இந்த வருஷம் அப்படியே மாட்டிக்கலாம்!

ரெண்டு ஊருக்கும் நடுவுல தாமிரபரணி மட்டும்தான். ஆச்சி அந்தக் கரை, தாத்தா இந்தக் கரை. பாலத்தத் தாண்டி வந்த அந்தப் பொண்ணுக்கு 20 வயசு, தாத்தாவுக்கு 26, விக்கிரமசிங்கபுரம் மில்லுல வேல. கல்யாணம் ஆகி சரியா இருபத்தோரு நாள்ல காமராஜர் தவறிட்டாரு, அக்டோபர் 2. ரேடியோவுல கேட்டுட்டு தாத்தா திண்ணையில போய் உக்காந்தவருதான், ராத்திரி சாப்பிடவே வரல. புதுசா வந்த பொண்ணு இவ, நாம வச்ச குழம்புதான் பிடிக்கல போலன்னு நெனச்சு அடுப்படியில உக்காந்து அழுதிருக்கா. மறுநாள் கொள்ளுப்பாட்டிதான் விஷயத்த சொல்லி புரிய வச்சாங்களாம். ஆச்சி இந்தக் கதைய எத்தன தடவ சொன்னாலும் கடைசியில தாத்தா பக்கம் திரும்பி "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயி உக்காந்திருக்கலாம்லா"ன்னு கேப்பாங்க. அம்பது வருஷமா தாத்தா பதில் சொன்னதில்ல, சிரிப்பாரு.

எல்லாருக்கும் தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். என் பேரு கோமதி, தாத்தா பேர்ல பாதி. அம்மா ஆசப்பட்டு வச்சது. ஆனா ஆச்சி இந்த 27 வருஷத்துல ஒருநாள்கூட என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. புருஷன் பேரு வாயில வரக்கூடாதே! அதனால எனக்கு "ராசாத்தி", கோவம் வந்தா "ஏட்டி". ரேஷன் கடையில அட்ட யார் பேர்ல இருக்குன்னு கேட்டா ஆச்சி என்னத் தள்ளி முன்னாடி விடுவாங்க, "நீ சொல்லுட்டி". நான் அஞ்சு வயசுல பெருமையா "கோமதிநாயகம்"னு கத்துவேன். அப்ப ஏதோ பெரிய வேலைய என்கிட்ட குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன், இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

தாத்தா மட்டும் ஆச்சிய பேரு சொல்லிக் கூப்பிடுவாரு, அதுவும் எப்பவும் இல்ல. சாதாரணமா "இந்தா"தான். போனஸ் வந்தன்னைக்கு, மாமா பத்தாவது பாஸான அன்னைக்கு, சித்திக்குப் பொண்ணு பொறந்த அன்னைக்கு, அப்படி மனசு நெறஞ்ச நாள்ல மட்டும் வாசல்லயே நின்னு "உலகமமா"ன்னு ஒரு குரல் குடுப்பாரு. உலகம்மா இல்ல, உலகமமா. அதுக்குக் காரணம் அந்தப் பாய்.

கல்யாணத்துக்கு கொள்ளுத்தாத்தா பத்தமடையில சொல்லி நெய்ய வச்ச பாய் அது. தெரியாதவங்களுக்காக சொல்றேன், எங்க பக்கம் கல்யாணத்துக்கு பத்தமடை பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரு போட்டு நெய்ஞ்சு குடுப்பாங்க. கோரைய ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, காயவச்சு, நாரு மாதிரி மெலிசாக் கிழிச்சு, நூல்பாவுல ஒவ்வொன்னா கோத்து நெய்வாங்க, நல்ல பாய்னா துணி மாதிரி மடிக்கலாம். அதுல எழுத்து கொண்டுவர்றதுன்னா எவ்வளவு பொறுமை வேணும் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பாய்ல ஒரே ஒரு புள்ளி விட்டுப்போச்சு. "கோமதிநாயகம் – உலகமமாள் – 11.9.75". முதல் நாள் ராத்திரி தாத்தா அத எழுத்துக்கூட்டி வாசிச்சு சிரிச்சிருக்காரு. அவ்வளவு நேரமும் தலைய நிமிராம இருந்த ஆச்சியும் சிரிச்சிட்டாங்களாம். அதுதான் ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச முதல் சிரிப்புன்னு நான் காலேஜ் முடிச்ச வருஷம் மாடியில அப்பளம் காயப்போடும்போது ஆச்சி ரகசியமா சொன்னாங்க. இப்ப ரகசியத்த வெளிய விட்டுட்டேன், ஆச்சி மன்னிச்சிரு.

92 நவம்பர் 13, ஆத்துல வெள்ளம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அம்மாவுக்கு அப்ப 15 வயசு, இன்னும் அந்த நாளப் பத்தி பேசுனா குரல் மாறிரும். தாத்தா நைட் ஷிஃப்ட் போனவரு திரும்பி வரல, ஆச்சி மூணு பிள்ளைங்களயும் பக்கத்து வீட்டு மச்சுல ஏத்திட்டு தெருவப் பாத்துக்கிட்டே நின்னிருக்காங்க. தாத்தா சைக்கிள எங்கயோ விட்டுட்டு சுத்திச் சுத்தி நடந்து மறுநாள்தான் வந்து சேந்தாரு. வந்தவரு பிள்ளைங்க எல்லாரையும் எண்ணிப் பாத்துட்டு ஆச்சிகிட்ட கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா". பாத்திரம், அரிசி, போட்டோ எல்லாம் போச்சு. பாய் மட்டும் பரண்ல இருந்ததால தப்பிச்சுச்சு, ஒரு ஓரத்துல மட்டும் கூரை ஒழுகி கறை பட்டுச்சு. அந்தக் கறைய இன்னும் விரலால தடவிப் பாப்பேன் ஊருக்கு வந்தா.

நான் ஜெர்மனிக்கு வந்தது 2019ல. ஸ்டுட்கார்ட்னு சொன்னதும் தாத்தா கேட்டது சம்பளம் எவ்வளவு, குளிரு எவ்வளவுன்னு இல்ல, "அங்க ஆறு இருக்காட்டி?". இருக்கு தாத்தா, நெக்கார்னு பேரு. வந்த முதல் வாரமே போய் போட்டோ எடுத்து அனுப்புனேன். "படித்துறையே இல்லயே, எப்படி எறங்கிக் குளிப்பாங்க"ன்னு ரொம்ப கவலப்பட்டாரு.

2021 மே மாசம் தாத்தாவ ஆஸ்பத்திரியில சேத்தப்ப என்னால வர முடியல. இங்க ரூம்ல போன கையில வச்சிக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தேன், ராத்திரி எது பகல் எதுன்னு தெரியல. உள்ள யாரையும் விடல. வாசல்ல ஒரு நர்ஸ் வந்து "பேஷண்ட் பேரு சொல்லுங்க, யாரு அட்டெண்டர்"னு அவசரமா கேட்டிருக்காங்க, மாமா மருந்து வாங்கப் போயிருந்தாரு, அம்மா பில் கட்ற இடத்துல, முன்னாடி தள்ளிவிட நானும் பக்கத்துல இல்ல. ஆச்சி நேரா நின்னு "கோமதிநாயகம்"னு சொல்லிட்டாங்க. சத்தமா, முழுசா. அம்மா தூரத்துல இருந்து கேட்டுட்டு அப்படியே நின்னுட்டாங்களாம், நாப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவ. அம்மா போன்ல இத சொன்னப்ப நான் தரையில உக்காந்துட்டேன். பதினாலு நாள் கழிச்சு தாத்தா வீட்டுக்கு வந்தாரு, வாசல்லயே நின்னு ரொம்ப மெதுவா கூப்பிட்டாராம், அதே "உலகமமா".

ஆச்சி, நீ எனக்கு சோறு போட்டு வளத்ததுக்கு நான் என்ன திருப்பி தரமுடியும்னு தெரியல. போன ஞாயித்துக்கிழம சொதி வச்சேன். இங்க ஞாயித்துக்கிழம ஒரு கடையும் இருக்காது, அதனால சனிக்கிழமயே நம்ம ஈழத்து அக்கா கடைக்குப் போய் ஃப்ரீஸர் முருங்கைக்காயும் டின் தேங்காப்பாலும் வாங்குனேன். எதுக்குன்னு கேட்டாங்க, சொதிக்குன்னு சொன்னதும் அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு, ஆனா பாசிப்பருப்ப எடுத்ததும் "சொதிக்கு ஏன் பருப்பு?"ன்னு கேட்டுட்டாங்க. அவங்க ஊர் சொதி தண்ணியா இருக்குமாம், இடியாப்பத்துக்கு. நம்மூர்ல மறுவீட்டுக்கு மாப்பிள்ளைக்கு வைக்கிற சொதி, பருப்பு போட்டு காய் நெறைய போட்டு கூட இஞ்சித் துவையல் அரைப்பாங்கன்னு சொன்னேன், எங்க ஆச்சி தாத்தாவுக்கு அம்பதாவது கல்யாண நாள்னும் சொன்னேன். அந்த அக்கா ஒரு கட்டு கருவேப்பிலைய கையில வச்சு "இது எங்கட வீட்டுப் பக்கமா அவையளுக்கு"ன்னு சொல்லி காசு வாங்கல. உங்களுக்கு வந்த சீர் ஆச்சி அது, கணக்குல வச்சுக்கோ.

சொதி நல்லா வந்துச்சு. ரெண்டாம் பால் கொதிச்சப்புறம்தான் முதல் பால் ஊத்துனேன், ஊத்துனதும் அடுப்ப அணைச்சேன், நீ சொன்னபடியே. வாசனைக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

இப்ப மாமா, உங்க ரூம் பீரோ மேல ஒரு நீளமான பார்சல் இருக்குல்ல, அத எடுத்துட்டு வாங்க. அம்மா போன மாசம் பத்தமடைக்கு ரெண்டு தடவ போய் சொல்லி வாங்கிட்டு வந்தது. ஆச்சியே பிரிக்கணும். சிவப்பு பார்டர், பழைய பாய் மாதிரியே. அதுல என்ன எழுதியிருக்குன்னு தாத்தா வாசிக்கணும், சத்தமா.

நெய்யுற அம்மாகிட்ட புள்ளிய விட்டுருங்கன்னு சொன்னப்ப அவங்க ஒத்துக்கல, தப்பா நெய்ஞ்சா எங்க பேரு கெட்டுப்போகும்னு சொல்லிட்டாங்களாம். அம்மா பழைய பாய் போட்டோவக் காட்டி முழுக்கதையும் சொன்னப்புறம்தான் சரின்னாங்க. "கோமதிநாயகம் – உலகமமாள் – 11.9.75 – 11.9.25".

உங்க காலை பத்து மணிக்கு எனக்கு ஆறரை. அலாரம் வச்சிருக்கேன், வீடியோ கால்ல வருவேன். ரெண்டு பேரும் அந்தப் பாய்ல சேந்து உக்காந்திருக்கணும், தாத்தா நாற்காலி வேணும்னு அடம்பிடிக்கக் கூடாது, முட்டி வலிச்சா சுவரோரமா பாயப் போட்டு சாஞ்சுக்கலாம். நான் இங்க தரையில விழுந்து கும்புடுவேன், திருநீறு போன் மேல பூசி விடுங்க.

நூறு வயசு வரைக்கும் ரெண்டு பேரும் இப்படியே சேந்து இருங்க தாத்தா, ஆச்சி. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு.

உங்க
ராசாத்தி