ஒரு வரி நிரல் அணுகல்தன்மையைத் தந்துவிடுமா?

ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், பார்வையற்றவர்களும் விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவர்களும் உங்கள் இணையதளத்தைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மேலடுக்குச் சேவைகள் கடந்த சில ஆண்டுகளில் பரவலாகிவிட்டன. மென்பொருள் சோதனையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: இவற்றைத் தற்காலிக ஏற்பாடாக வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால், மூல நிரலைத் திருத்தும் வேலைக்கு மாற்றாக இவற்றை வாங்கினால் அந்தச் செலவின் பயன் உரியவர்களுக்குப் போய்ச் சேராது.

இது என் தனிப்பட்ட கருத்து. நான் பணிபுரியும் நிறுவனத்தின் நிலைப்பாடு அன்று. வாடிக்கையாளர் எவருடைய தளத்தையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. கீழே வரும் நிரல் துணுக்குகள் இந்தப் பதிவுக்காகவே நான் எழுதியவை.

மேலடுக்கைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பல தளங்களின் நிரலை எழுதியவர்கள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதிய வசதிகளுக்கான வரிசையோ நீண்டுகொண்டே போகிறது. அந்த நிலையில் ஒரே நாளில் முடியும் தீர்வு ஒன்று முன்வந்தால், பொறுப்பில் இருப்பவர் அதைப் பரிசீலிப்பது இயல்புதான்.

சிக்கல் எங்கே என்பதை ஒரு பொத்தானை வைத்தே பார்த்துவிடலாம்.

```html
<div class="btn" onclick="pay()"><img src="ic3.png"></div>
```

சுட்டியைப் பயன்படுத்துபவருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. டேப் விசையை அழுத்திக்கொண்டு வருபவரோ இந்தப் பொத்தானில் நிற்கவே முடியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு இது பொத்தான் என்றே தெரியாது. படத்துக்கு மாற்று உரை இல்லாததால் சில நேரங்களில் கோப்பின் பெயரை வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். மேலடுக்கு நிரல் இங்கே ஊகித்துச் சிலவற்றைச் சரிசெய்யக்கூடும்: இது பொத்தான் என்று குறிக்கலாம், டேப் வரிசையில் சேர்க்கலாம், படத்தை அடையாளம் கண்டு ஒரு பெயரும் சூட்டலாம். ஆனால், அந்தப் படம் வெறும் சரிக்குறி என்றால், கேட்பவருக்குச் சரிக்குறி என்றுதான் சொல்லப்படும். அதை அழுத்தினால் பணம் போய்விடும் என்பது பக்கத்தை உருவாக்கியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. படத்தை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தாலும் அந்த நோக்கம் அதற்குள் இல்லை.

```html
<button type="button" onclick="pay()">பணம் செலுத்து</button>
```

இப்படி எழுதினால் டேப் விசையும் என்டர் விசையும் திரைவாசிப்பானும் தாமாகவே ஒத்துழைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்குவது, நிற வேறுபாட்டைக் கூட்டுவது போன்ற மேலடுக்கு வசதிகளும் பெரும்பாலும் இயங்குதளத்திலும் உலாவியிலும் முன்பே இருப்பவை. தேவைப்படுபவர்கள் தங்கள் கருவியில் அவற்றை அமைத்துக்கொண்டுதான் நம் தளத்துக்கு வருகிறார்கள்.

எந்தத் தளத்தையும் இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைக்கு இணங்கச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு சேவை நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. இதை வைத்து எல்லாச் சேவைகளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. சிறு திருத்தங்களை நேர்மையாகச் செய்து, தம்மால் முடியாததை வெளிப்படையாகச் சொல்பவர்களும் இந்தத் துறையில் இருக்கக்கூடும். முழு இணக்கம் என்ற வாக்குறுதியைத்தான் நான் ஏற்கவில்லை.

ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுவிட்டவர்கள் அதை உடனே முறிக்க வேண்டியதில்லை. மேலடுக்கே திரைவாசிப்பானுக்கு இடையூறாக இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு, புதுப்பிக்கும் நாள் வருவதற்குள் உள்நுழைவு, தேடல், கட்டணம் ஆகிய மூன்று வழிகளையும் சுட்டியைத் தொடாமல் ஒருமுறை முடித்துப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ அங்கிருந்து மூல நிரலைத் திருத்தத் தொடங்கலாம். அதன் பிறகு, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுத்து அதே மூன்று வழிகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். தானியங்கிச் சோதனை மாற்று உரை இருக்கிறதா என்று சொல்லும். அது பொருத்தமாக இருக்கிறதா என்று அவர்தான் சொல்ல முடியும்.

மேலடுக்குச் சேவை வழங்குபவர்கள் அத்தகைய பயனர்களைக் கொண்டு செய்த சோதனையின் முடிவுகளை வெளியிட்டிருந்தால், கருத்துப் பகுதியில் இணைப்பு கொடுங்கள். முழுவதும் படித்துவிட்டு, என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால் இந்தப் பதிவிலேயே திருத்தி எழுதுகிறேன்.