கரண்டு பில்லு எவ்ளோ ஏறுது? (வீட்டு வீடியோ ஸ்கிரிப்ட்)

பாலக்கோடு பக்கத்து மகளிர் குழுக்களின் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு. ஆகஸ்ட் 2024. போனை நிமிர்த்திப் பிடித்தே எடுக்கணும். நடிப்பவர்கள் மூன்று பேர்: அம்மா, கல்லூரி படிக்கும் மகள், போனில் மட்டும் வரும் ஓசூர் அண்ணன். குரல் தெளிவாக இருந்தால் போதும், பின்னணி இசை வேண்டாம்.

எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உயர்வு அறிவிப்பில் உள்ள எல்லாவற்றையும் சொல்ல முயலவில்லை. கடை, மாவு மில், தறி எல்லாம் வேறு கணக்கு. இது வீட்டு இணைப்புக்கு மட்டும். அறிவிப்பைப் படித்தவர்கள் "யூனிட்டுக்கு 4.80 போட்டிருக்கே, நீங்க 4.70 சொல்றீங்களே" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்கான பதில் இரண்டாம் காட்சியில் இருக்கிறது, நேரம் போதவில்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

காட்சி 1. திண்ணை, காலை

(அம்மா தக்காளிக் கூடையில் நல்லதைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மகள் கையில் ஈபி கார்டு.)

அம்மா: யூனிட்டுக்கு நாலு ரூவா எண்பத்து மூணு காசு ஏத்திட்டாங்களாம் பாப்பா. டிவியில கீழ ஓடுது. இனிமே மிக்ஸியத் தொட முடியாது போல.

மகள்: நாலு ரூவா எண்பத்து மூணு காசு இல்லம்மா. 4.83 சதவீதம். நூறு ரூவாய்க்கு நாலு ரூவா எண்பத்து மூணு காசு.

அம்மா: அப்ப இந்தப் பேப்பர்ல 4.80னு போட்டிருக்கானே?

மகள்: அது வேற. ரெண்டு நம்பரும் கிட்டக்கிட்ட இருக்குதா, அதான் ஊரே கொழம்பிக் கெடக்குது.

(திரையில் பெரிய எழுத்து: 2024 ஜூலை 1 முதல் புதிய கட்டணம். வீட்டு இணைப்புக்கு.)

காட்சி 2. அதே இடம். அறிவிப்புத் தாள் நெருக்கமாக

(மகள் விரலை வைத்துக் காட்டும் வரி தெளிவாகத் தெரியணும். "400 யூனிட் வரை: 4.60, புதியது 4.80".)

மகள்: மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஜூலை 15ஆம் தேதி உத்தரவு போட்டாங்க. ஆனா ஜூலை 1லேர்ந்தே செல்லும். இந்தத் தாள்ல இருக்கறது ஆணையம் வச்ச வெல. வீட்டுக்காரங்களுக்காக அதுல ஒரு பங்க கவர்மெண்ட்டு மானியமா கட்டிடுது. போன வருசம் ஜூலையில 2.18 சதவீதம் ஏத்தனப்ப நம்ம வீட்டு பில்லு ஏறல, ஞாபகம் இருக்குதா? அந்த ஏத்தத்த கவர்மெண்ட்டு ஏத்துக்கிச்சு. அதனால நாம கட்டனது 4.60 இல்ல, 4.50தான். இப்ப 4.80 இல்ல, 4.70.

அம்மா: அப்ப இருவது காசு.

மகள்: இருவது காசு. அதுவும் மொத யூனிட்லேர்ந்து இல்ல.

(திரையில், மகள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாக:)

இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட் வரை ஓடினால்
முதல் 100 யூனிட்: இலவசம்
101 முதல் 200: 2.35 (முன்பு 2.25)
201 முதல் 400: 4.70 (முன்பு 4.50)
401 முதல் 500: 6.30 (முன்பு 6.00)

மகள்: மொத நூறு யூனிட்டு எல்லாருக்கும் இலவசம், அது மாறல. நெலக்கட்டணம்னு முன்ன வாங்குவாங்களே, வீட்டுக்கு அதுவும் கெடையாது. வயல் மோட்டாருக்கு வாங்கன இலவச சர்வீசும், குடிசைக்குக் குடுத்த இலவச சர்வீசும் அப்படியேதான்.

காட்சி 3. பக்கத்து வீட்டு வாசல். சில விநாடி போதும்

மகள்: பெரியம்மா வீட்டுல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், டிவி. ரெண்டு மாசத்துக்கு 92 யூனிட்டு. பில்லு சைபர். முன்னயும் சைபர், இப்பயும் சைபர்.

(பெரியம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தால் போதும். வசனம் கொடுத்தால் இழுத்துக்கொண்டே போகும்.)

காட்சி 4. மீட்டர் பெட்டி

(மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். `kWh` என்று வரும்போது நிறுத்திக் காட்டணும். தேதி, வோல்டேஜ் எல்லாம் அதே திரையில் ஓடும், அதைப் படித்துவிட்டு ரீடிங் என்று நினைப்பவர்கள் நிறைய.)

மகள்: ஓரத்துல இந்த எழுத்து வர்றப்ப இருக்கற நம்பர்தான் ரீடிங்கு. 7082. கார்டுல போன தடவ எழுதனது 6842.

அம்மா: கழிச்சா?

மகள்: 240. இப்ப நீயே போடு.

(சிலேட்டு அல்லது நோட்டு. அம்மாவே எழுதட்டும். கை மெதுவாக எழுதுவது நல்லது, பார்ப்பவர்களும் கூடவே போடுவார்கள்.)

அம்மா: மொத நூறுக்கு காசு இல்ல. ரெண்டாவது நூறு… 2.35 போட்டா 235 ரூவா. மிச்சம் 40 யூனிட்டு.

மகள்: அதுக்கு 4.70.

அம்மா: நாப்பது நாலே முக்கால்னா 190. அஞ்சு காசு கொறச்சலா இருக்கறதால ரெண்டு ரூவா தள்ளு. 188. கூட்டுனா 423.

மகள்: பழைய ரேட்டுல 225ம் 180ம். 405. ரெண்டு மாசத்துக்கு 18 ரூவா ஏறியிருக்குது.

அம்மா: (எழுந்தே விடுகிறார்) பதினெட்டு ரூவாய்க்கா டிவியில அந்தச் சத்தம்!

(இந்த வசனத்தை அப்படியே வைக்கணும். ஆனால் இதோடு வீடியோ முடிந்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஏற்றம் எல்லார் வீட்டிலும் பதினெட்டு ரூபாய் இல்லை.)

காட்சி 5. போன் அழைப்பு. ஸ்பீக்கரில்

அண்ணன்: அம்மா, எனக்கு 2544 வந்திருக்குதும்மா. ஜூலை, ஆகஸ்ட்டு ரெண்டும் சேத்து.

அம்மா: அய்யய்யோ. என்னடா போட்டு ஓட்டறீங்க?

மகள்: அண்ணா, எத்தன யூனிட்டு?

அண்ணன்: 560.

மகள்: அதான். ஐநூறு தாண்டிட்டீங்க.

(இதுதான் வீடியோவின் முக்கியப் பகுதி. அவசரப்படாமல் எடுக்கணும். நோட்டில் நடுவே ஒரு கோடு, இடது பக்கம் 500, வலது பக்கம் 501.)

மகள்: ஐநூறு வரைக்கும் ஓட்டறவங்களுக்கு ரெண்டாவது நூறு யூனிட்டு பாதி வெலையில, 2.35. ஒரே ஒரு யூனிட்டு கூடப் போனாலும் அந்தச் சலுக போயிடும். அந்த நூறு யூனிட்டுக்கும் முழு 4.70. மொத நூறு மட்டும் இலவசமாவே இருக்கும். 500க்கு பில்லு போடறேன் பாருங்க. 235, அப்புறம் 200 யூனிட்டுக்கு 940, கடைசி நூறுக்கு 630. மொத்தம் 1805.

அண்ணன்: சரி.

மகள்: இப்ப 501. நூறுலேர்ந்து நானூறு வரைக்கும் 300 யூனிட்டு, 4.70ல 1410. அடுத்த நூறு 630. அந்த ஒத்த யூனிட்டு 8.40. மொத்தம் 2048 ரூவா 40 காசு.

அம்மா: ஒரு யூனிட்டுக்கு 243 ரூவாயா?

மகள்: 243 ரூவா 40 காசு. இது இந்த வருசம் வந்ததில்லம்மா, முன்னயும் இப்படித்தான். அப்ப 233. நாமதான் பாக்கல.

(திரையில்: 500 யூனிட் = ரூ.1805. 501 யூனிட் = ரூ.2048.40. மூன்று விநாடி அப்படியே நிற்கட்டும்.)

அண்ணன்: அப்ப என்னுது?

மகள்: 1410ம் 630ம் 2040. மேல 60 யூனிட்டு, 8.40ல 504. அதான் 2544. பழைய ரேட்டுல இதே 560க்கு 2430 வந்திருக்கும். ஏறனது 114தான். ஐநூறுக்குள்ள நிக்காததாலதான் மத்த காசெல்லாம் போச்சு.

அம்மா: கீசரு எவ்ளோ நேரம் போடற?

அண்ணன்: இங்க குளிரும்மா. நாலு பேரும் குளிக்கறோம். ஒரு மணி நேரம் ஆகும்.

மகள்: உங்க கீசர்ல எத்தன வாட்ஸ் போட்டிருக்குது?

அண்ணன்: 2000.

மகள்: ஆயிரம் வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடனா ஒரு யூனிட்டு. உங்களுது ஒரு மணிக்கு ரெண்டு யூனிட்டு. 60 நாளுக்கு 120. அரை மணி நேரமா கொறச்சா 60 யூனிட்டு மிச்சம். 560ல 60 போனா?

அண்ணன்: 500! அப்ப 1805தானே?

மகள்: 739 ரூவா மிச்சம். ஆனா சரியா ஐநூறுல நிப்பேன்னு நம்பாதீங்க, இன்னும் கொஞ்சம் கொறச்சுக்குங்க. ரீடிங் எடுத்து ஒரு மாசம் ஆனதும் மீட்டரப் பாருங்க. அதுலயே 250 தாண்டியிருந்தா உஷாராயிடணும். எடுக்கறவரு நாலு நாள் தள்ளி வந்தாலும் அந்த நாலு நாள் கணக்கும் இதுலதான் சேரும்.

அம்மா: ராத்திரி பூரா ஃபேன் ஓடுதே, அத நிறுத்தலாமா?

மகள்: ஃபேனு 75 வாட்ஸும்மா. பத்து மணி நேரம் ஓடனாலும் முக்கா யூனிட்டு. நீ தூங்கு.

(இங்கே சிரிப்பு வந்தால் வெட்ட வேண்டாம். வீட்டில் சண்டை வருவதெல்லாம் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான். மோட்டாரும் கீசரும் யார் கண்ணிலும் படுவதில்லை.)

காட்சி 6. கொல்லை, போர் மோட்டார் சுவிட்ச்

மகள்: ஒரு எச்பி மோட்டாரு ஒரு மணி நேரம் ஓடனா ஏறக்கொறைய ஒரு யூனிட்டு. டேங்கு நெறஞ்சு தண்ணி கீழ ஊத்தறப்ப யூனிட்டும் ஊத்துது. பில்லுல சந்தேகம்னா கார்டு நம்பர வச்சுகினு ஈபியோட புகார் மையம் மின்னகத்துக்குப் போன் பண்ணுங்க, 94987 94987. ராத்திரியும் எடுப்பாங்க.

(எண் திரையில் ஐந்து விநாடி.)

வீடியோவோடு அனுப்ப வேண்டிய செய்தி (அப்படியே நகல் எடுத்துப் போடவும்)

அக்கா, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். வீட்டு கரண்டு பில்லு, 2024 ஜூலை 1 முதல், ரெண்டு மாசத்துக்கு:

100 யூனிட்: 0
200 யூனிட்: 235 (முன்பு 225)
300 யூனிட்: 705 (முன்பு 675)
400 யூனிட்: 1175 (முன்பு 1125)
500 யூனிட்: 1805 (முன்பு 1725)
501 யூனிட்: 2048.40 (முன்பு 1958)

500க்கு மேல போனா 501–600க்கு யூனிட்டுக்கு 8.40, 601–800க்கு 9.45, 801–1000க்கு 10.50, அதுக்கும் மேல 11.55.

ரெண்டு மாசமும் முழுசா ஜூலை 1க்கு அப்புறம் வர்ற பில்லுக்குத்தான் இந்தக் கணக்கு சரியா வரும். ஜூனும் ஜூலையும் கலந்து வந்த பில்ல இதோட ஒப்பிட வேண்டாம். உங்க வீட்டு யூனிட்ட மட்டும் குரூப்புல போடுங்க, கார்டு நம்பரும் கார்டு போட்டோவும் வேண்டாம். ஞாயித்துக்கெழம குழுக் கூட்டத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் உக்காந்து போட்டுப் பாக்கலாம். நோட்டு கொண்டாங்க, கால்குலேட்டரு போன்லயே இருக்குது.