2024 பிப்ரவரி 29 அன்று முடிந்த ஆண்டின் ரொக்க ஓட்ட அறிக்கை: இயக்குநர்களுக்கான விளக்கக் குறிப்பு

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

சாட்ஸ்வர்த்தில் நடைபெறும் நம் மசாலா அரைவைத் தொழில் இவ்வாண்டு வரிக்குப் பின் 292,000 ரேண்ட் இலாபம் ஈட்டியிருந்தும், வங்கி இருப்பு 96,000-இலிருந்து 59,000-ஆகக் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான விடை மறைமுக முறையில் தயாரித்த இவ்வறிக்கையில் இருக்கிறது.

வரிக்கு முந்தைய இலாபமான 400,000-இலிருந்து தொடங்கினேன். தேய்மானம் 120,000 ரொக்கமாக வெளியேறாத செலவு என்பதால் அதைக் கூட்டினேன். வட்டி 60,000-ஐயும் கூட்டியதற்குக் காரணம், அதைப் பின்னர் தனி வரியாகக் காட்ட வேண்டியிருப்பதுதான். பழைய வேனை விற்றதில் கிடைத்த இலாபம் 15,000-ஐக் கழித்தேன். விற்பனைத் தொகை முழுவதும் முதலீட்டுப் பகுதியில் வருவதால், இதைக் கழிக்காவிட்டால் அந்த இலாபம் இருமுறை எண்ணப்பட்டிருக்கும். இவ்வாறு கிடைத்தது 565,000.

பணம் பெருமளவு முடங்கிய இடம் அடுத்து வருகிறது. சரக்கிருப்பு 310,000-இலிருந்து 385,000-ஆகவும், வாடிக்கையாளர் பாக்கி 240,000-இலிருந்து 298,000-ஆகவும் உயர்ந்ததால் 133,000 ரேண்ட் மிளகாய், மல்லி மூட்டைகளிலும் வராத பாக்கியிலும் அடங்கிவிட்டது. நாம் கொடுக்க வேண்டிய பாக்கி 180,000-இலிருந்து 211,000-ஆக உயர்ந்தது 31,000 அளவுக்கு மட்டுமே கைகொடுத்தது. அத்தொகையில் இயந்திரம் வாங்கியதற்கான பாக்கி எதுவும் கலக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். மீதி 463,000.

வரியைப் பொறுத்தவரை, இலாப நட்டக் கணக்கில் உள்ள 108,000 செலுத்திய தொகை அன்று. தொடக்கப் பாக்கி 36,000-ஐக் கூட்டி, இறுதிப் பாக்கி 44,000-ஐக் கழித்தால் செலுத்தியது 100,000 என்று தெரியும். வரியும் வட்டியும் போக, தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த நிகர ரொக்கம் 303,000. செலுத்திய வட்டியைத் தொழில் பகுதியிலோ நிதிப் பகுதியிலோ வைக்க, இவ்வாண்டுக்குப் பொருந்தும் ஐ.ஏ.எஸ். 7 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை இடம் தருகிறது. சென்ற ஆண்டைப் போலவே தொழில் பகுதியில் வைத்திருக்கிறேன்.

நிலைச் சொத்துகளின் நிகர மதிப்பு 900,000-இலிருந்து 985,000-ஆனது. இந்த உயர்வு 85,000-உடன் தேய்மானத்தையும் வேனின் புத்தக மதிப்பு 45,000-ஐயும் சேர்த்தால், புதிய அரைவை இயந்திரத்திற்குக் கொடுத்த 250,000 வெளிப்படுகிறது. வேன் விற்று வந்த 60,000 போக, முதலீட்டில் சென்றது 190,000.

கடன் அசலில் 70,000 திருப்பிச் செலுத்தப்பட்டது. தக்கவைத்த இலாபம் 610,000-உடன் இவ்வாண்டு இலாபத்தைக் கூட்டினால் 902,000 இருக்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் 822,000 மட்டுமே இருப்பதால் எஞ்சிய 80,000 உங்களுக்கு வழங்கிய பங்காதாயம். எனவே நிதிப் பகுதியில் வெளியேறியது 150,000.

303,000-இலிருந்து 190,000-ஐயும் 150,000-ஐயும் கழித்தால் 37,000 குறைவு. தொடக்க இருப்பு 96,000-இலிருந்து அதைக் கழிக்க 59,000 வருகிறது. இது இருப்புநிலைக் குறிப்பின் ரொக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஆயினும் ஒரு தொகையைத் தவறான பகுதியில் வைத்தாலும் இறுதி எண் இதேபோல் ஒத்துப்போகும் என்பதால், வேன் விற்பனை, வட்டி, இயந்திரம் ஆகியவற்றின் வங்கிப் பதிவுகளைத் தணிக்கையாளர் தனியே பார்க்கும்படி இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணக்காளர்