ஓணம் லிஸ்ட்: சாமான், விலை விவரம்

வணக்கம் அக்கா. உங்க மாமியார் எழுதின மலையாள லிஸ்ட் போட்டோ கிடைத்தது. கடையில் இருக்கும் பாலக்காட்டுத் தம்பியை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டேன். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க.

மட்ட அரிசி (வடி) 5 கிலோ – 325
தேங்காய் எண்ணெய் 1 லிட்டர் – 480
பாசிப்பருப்பு அரை கிலோ – 65
சிவப்புக் காராமணி அரை கிலோ – 60
உருண்டை வெல்லம் 2 கிலோ – 140
அரிசி அடை 2 பாக்கெட் – 90
கேரளா பப்படம் 2 கட்டு – 80
குடம்புளி 100 கிராம் – 50
முந்திரி 100 கிராம் – 110
திராட்சை 100 கிராம் – 50
ஏலக்காய் 25 கிராம் – 90
சுக்கு 50 கிராம் – 30
சீரகம் 100 கிராம் – 40
கடுகு 100 கிராம் – 15
தேங்காய் 5 – 160

மொத்தம் 1,785 ரூபாய்.

மூன்று இடத்தில் உங்க மாமியாரைக் கேட்டுச் சொல்லணும். லிஸ்டில் 'பரிப்பு' என்று மட்டும் இருக்கிறது. ஓணம் சத்யா விருந்தில் நெய் ஊற்றிச் சாப்பிடும் பருப்புக்குப் பெரும்பாலும் பாசிப்பருப்புதான் என்பதால் அதைப் போட்டேன். துவரை வேண்டுமென்றால் மாற்றித் தருகிறேன், அரை கிலோவுக்கும் விலை அதேதான். அடுத்து அடை. வெல்லமும் தேங்காயும் எழுதியிருப்பதால் அடைப் பிரதமன் செய்வாங்க என்று பெரிய அடையாக எடுத்து வைத்தேன். பால் பாயசத்துக்கு என்றால் சின்ன அடை வேண்டும், அதுவும் இருக்கிறது. வெல்லம் எழுதின இடத்தில் பேனா மை பரவிவிட்டது. 2 கிலோ என்று படித்தோம், 3 ஆகவும் இருக்கலாம். பாயசத்தில் வெல்லம் குறைந்தால் கடைசி நேரத்தில் தவிக்கணும், அதனால் இதைக் கட்டாயம் கேளுங்க.

தேங்காய் எண்ணெய் விலை இந்த வருஷம் ரொம்ப ஏறிவிட்டது. அரை லிட்டர் போதுமென்றால் 245. செக்கு எண்ணெயில் மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கலப்படம் இல்லையா என்று பார்த்து வாங்குங்க.

நேந்திரங்காய் சிப்ஸ் அரை கிலோ கேட்டிருக்காங்க. நேற்று வந்தது எண்ணெய் வாடை அடித்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். புதுசு நாளை காலையில் வரும், அரை கிலோ 240. வேண்டுமென்றால் சேர்த்து அனுப்புகிறேன், அப்போது மொத்தம் 2,025. இஞ்சி, பச்சை மிளகாய், வாழை இலை எங்களிடம் கிடையாது. அதைக் காய்கறிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்க.

அப்புறம், லிஸ்டில் நெய் இல்லை. வீட்டில் இருக்கிறதா என்று பாருங்க. கால் லிட்டர் 170.

இன்று இரவு 8 மணிக்குள் சொன்னால் நாளை மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும், டெலிவரிக்குத் தனியாகக் காசு இல்லை. சாமானைப் பார்த்து வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கொடுங்க, ஜிபே என்றாலும் சரி.